பில்லு, கார்டு, போர்டு: கடைக்கு வந்தவங்கள ஃபாலோயரா மாத்த க்யூஆர் கோட எப்படி போடணும்

காரைக்குடியில பிரிண்டிங் டிசைன் வேலை பாக்குறேன். விசிட்டிங் கார்டு, ஃப்ளெக்ஸ், பில் புக், கல்யாணப் பத்திரிகை எல்லாம் எங்ககிட்ட போகும். இப்ப கொஞ்ச நாளா கடைக்காரங்க யாரு வந்தாலும் எல்லாம் பேசி முடிச்சிட்டு கிளம்புறப்போ ஒண்ணு சேத்து சொல்றாங்க, "தம்பி, அப்படியே அந்த ஓரத்துல இன்ஸ்டாகிராம் க்யூஆர் கோடும் போட்டுருங்க". சரின்னு போட்டுக் கொடுக்குறோம். ஆறு மாசம் கழிச்சு அடுத்த செட் கார்டு அடிக்க வர்றப்போ கேட்டா, யாரும் ஸ்கேன் பண்ணலங்குறாங்க. பண்ணியிருக்கவே முடியாதுங்குறது சில கார்ட பாத்த உடனேயே தெரியும், அவ்வளவு சின்னதா, தங்கக் கலர்ல, பூ டிசைன் மேல ஏத்தி அடிச்சிருப்பாங்க. அதனாலதான் இத முதல்லேருந்து சொல்லிப் பாக்கலாம்னு உக்காந்தேன், கோடுன்னா என்னன்னே தெரியாதவங்களுக்கும் புரியுற மாதிரி.

நான் கூட இருந்து செஞ்ச ஒரு கடைய வச்சே சொல்றேன். கானாடுகாத்தான் பக்கம் ஒரு ஆச்சி பலகாரக் கடை வச்சிருக்காங்க. சீப்புச்சீடை, மனகோலம், தேன்குழல், கைமுறுக்கு, மாவுருண்டை, இதான் சரக்கு. பெரிய வீடுகளச் சுத்திப் பாக்க வர்ற வெளியூர்க்காரங்க, பிள்ளையார்பட்டி சாமி கும்பிட்டுட்டு அப்படியே இந்தப் பக்கம் வர்றவங்க, இவங்கதான் பாதி வியாபாரம். வந்து ஒரு சீப்புச்சீடைய வாயில போட்டதும் அரை கிலோ கட்டச் சொல்லுவாங்க, அப்புறம் தவறாம ஒரு கேள்வி கேப்பாங்க, "ஊருக்குப் போயிட்டு வேணும்னா எப்படி ஆச்சி வாங்குறது?" ஆச்சி போன் நம்பர சொல்லுவாங்க, அவங்களும் 'பலகாரம்'னு போட்டு சேவ் பண்ணிக்குவாங்க, அதோட சரி. அந்த நம்பர் அவங்க போன்ல ஐநூறு நம்பருக்கு நடுவுல தூங்கும். தீபாவளி வர்றப்போ ஆச்சி கடை ஞாபகம் வரணும்னா இடையில ஒரு தடவையாவது கண்ணுல பட்டிருக்கணும். அதுக்குத்தான் ஃபாலோ. அடுப்புல தேன்குழல் பிழியுற ஒரு சின்ன வீடியோ சென்னையில இருக்குற அந்த அம்மா போன்ல போய் நின்னா போதும், மிச்சத்த அவங்க நாக்கு பாத்துக்கும்.

சரி, கோடுக்கு வருவோம். க்யூஆர் கோடுன்னா எழுத்த கறுப்பு வெள்ளை கட்டமா மாத்தி எழுதி வச்சிருக்கறது, அவ்வளவுதான். 1994ல ஜப்பான்ல டென்சோங்குற கம்பெனியில, வண்டி தயாரிக்குற ஃபேக்டரியில பார்ட்ஸ் கணக்கு வேகமா எடுக்குறதுக்காக கண்டுபிடிச்சது. மூணு மூலையிலயும் ஒரு பெரிய சதுரம் இருக்குல்ல, அத வச்சுத்தான் போன் கேமரா 'இங்க கோடு இருக்கு, இந்தப் பக்கம் மேல, இந்தப் பக்கம் கீழ'ன்னு கண்டுபிடிக்குது, அதனாலதான் தலைகீழா காட்டினாலும் படிக்குது. நடுவுல இருக்குற சின்னச் சின்ன கட்டம்தான் நம்ம எழுத்து. சுத்தி நாலு பக்கமும் வெள்ளையா ஒரு மார்ஜின் விடணும், நாலு கட்டம் அகலத்துக்கு, இது கோடோட ஒரு பாகம். "வீணா இடம் போகுதே"ன்னு டிசைனர் அந்த வெள்ளைய வெட்டிட்டு பக்கத்துல எழுத்த ஒட்ட வச்சா பல போன்ல எடுக்காது. நான் பாத்ததுல வேலை செய்யாத கோடுகள்ல இதுதான் ரொம்ப சகஜமான தப்பு.

இதுல முக்கியமா புரிஞ்சுக்க வேண்டியது என்னன்னா, உள்ள இருக்குற எழுத்து நீளமானா கட்டம் எண்ணிக்கை கூடும், இருக்குற இடம் அதே அளவுதான்னா ஒவ்வொரு கட்டமும் சின்னதாகும், சின்னதானா படிக்கிறது கஷ்டம். ஆச்சி கடையில நடந்தது இதுதான். அவங்க பேரன் இன்ஸ்டாவுல ஷேர் பட்டன அழுத்தி லிங்க காப்பி பண்ணி எனக்கு அனுப்பினான், இந்த மாதிரி இருந்துச்சு (கடை பேர மாத்திருக்கேன்):

```
https://www.instagram.com/unga_kadai?igsh=........&utm_source=qr
```

அந்தக் கேள்விக்குறிக்கு அப்புறம் வர்ற வாலு யாரு ஷேர் பண்ணாங்கன்னு இன்ஸ்டா தனக்காக ஒட்டிக்கிறது, நமக்கு அது வேண்டியதே இல்ல. வாலோட சேத்தா 70 எழுத்துக்கு மேல போகுது, அதுக்கு கோடு 37க்கு 37 கட்டமா வருது. வாலையும் முன்னாடி இருக்குற `www.`யும் வெட்டிட்டா இவ்வளவுதான்:

```
https://instagram.com/unga_kadai
```

இது 32 எழுத்து, 29க்கு 29 கட்டத்துல அடங்கிரும். ரெண்டும் போற இடம் ஒண்ணுதான். இந்த வித்தியாசம் பெரிய போஸ்டர்ல தெரியாது, பில்லுலயும் கார்டுலயும் நல்லாவே தெரியும், அத அடுத்து சொல்றேன். இன்ஸ்டா ஆப்புலயே ப்ரொஃபைல்ல போனா கலர் கலரா ஒரு கோடு ரெடியா கொடுக்கும், கவுன்ட்டர்ல போன்ல காட்டுறதுக்கு அது நல்லாத்தான் இருக்கு. ஆனா பிரிண்டுக்கு அந்த வெளிர் கலர் வேண்டாம், கறுப்புல தனியா பண்ணிக்கங்க.

எங்க ஒட்டுறதுங்குறதுதான் பெரிய விஷயம். எல்லாரும் முதல்ல போர்டுல போடணும்னு நினைக்கிறாங்க. என் கணக்குல முதல் இடம் பில்லு. ஏன்னு யோசிங்க, ரோட்டுல போறவருக்கு நம்ம கடை யாருன்னே தெரியாது, அவர் எதுக்கு ஃபாலோ பண்ணணும்? பில்லு வாங்குறவரு ருசி பாத்தாச்சு, பிடிச்சுப்போய் காசும் கொடுத்தாச்சு, அதுவும் இப்ப பெரும்பாலும் யூபிஐலதான் கொடுக்குறாங்க, அப்ப போன் ஏற்கனவே கையில இருக்கு, லாக் கூட திறந்து இருக்கு. பேக் கட்டி முடிக்கிற வரைக்கும் ஒரு நிமிஷம் சும்மா நிக்கிறாரு. ஃபாலோ கேக்குறதுக்கு அந்த ஒரு நிமிஷத்த விட நல்ல நேரம் கிடையாது.

பில்லுல எப்படின்னா, சின்னக் கடைகள்ல இருக்குறது ரெண்டு இஞ்ச் தெர்மல் பிரிண்டர், அதாவது 58 மில்லிமீட்டர் ரோல். அதுல 48 மில்லிமீட்டர் அகலத்துக்குத்தான் அச்சு விழும். இந்த பிரிண்டருங்க சாதாரணமா ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி வைக்கும், முழு புள்ளிதான், அரைப் புள்ளி வைக்கத் தெரியாது. அதனால கோடோட ஒவ்வொரு கட்டத்துக்கும் சரியா இத்தனை புள்ளின்னு முழு எண்ணா வர்ற மாதிரி படத்த பண்ணிக் கொடுக்கணும். ஆச்சி கடை லிங்குக்கு 29 கட்டம், கட்டத்துக்கு 6 புள்ளின்னு வச்சோம், 174 புள்ளி, அதாவது கிட்டத்தட்ட 22 மில்லிமீட்டர், ஒரு ரூபா காசு அகலம்னு வச்சுக்கங்க. சுத்தி வெள்ளை மார்ஜின் சேத்தா படம் 222 பிக்சல். அந்த சைஸ்ல கறுப்பு வெள்ளை PNG ஃபைல் பண்ணி பில்லிங் சாஃப்ட்வேர்ல கீழ படம் வைக்கிற இடத்துல ஏத்திட்டோம், 'ஃபிட் டு பேஜ்' மாதிரி எதுவும் டிக் ஆகாம பாத்துக்கிட்டோம். அதே இடத்துல பேரன் அனுப்புன நீள லிங்க வச்சிருந்தா கட்டத்துக்கு 4.7 புள்ளி வருது. பிரிண்டர் ஒரு கட்டத்துக்கு 4ம் இன்னொண்ணுக்கு 5ம் வச்சு கோணல் மாணலா அடிக்கும். பாத்தா நல்லாத்தான் தெரியும், நல்ல போன் படிச்சிரும், பழைய போன் திணறும்.

அச்சு வெளிறிப் போறது இன்னொரு தொந்தரவு. தெர்மல் பேப்பர்ல மை கிடையாது, சூடு பட்டு கறுக்குற பேப்பர் அது. கார் டேஷ்போர்டுல வெயில்ல போட்டு வச்சா ஒரே கறுப்பாகும், எண்ணெய் பட்டா அச்சு மங்கும். பலகாரக் கடையில எண்ணெய்க்கு பஞ்சமா? முதல்ல ஆச்சி வழக்கம் போல பில்ல பாக்கெட்டோட பைக்குள்ள போட்டுக் கொடுத்தாங்க, வீட்டுக்குப் போய் எடுக்குறப்போ மனகோலத்தோட எண்ணெய் ஊறி கோடு பாதி காணாமப் போயிருக்கும். இப்ப பில்ல கையில கொடுக்குறாங்க, கொடுக்குறப்பவே விரல கோடு மேல வச்சு ஒரு வார்த்தையும் சொல்றாங்க, அந்த வார்த்தைய பின்னாடி சொல்றேன். இன்னொண்ணு, கோடுக்குக் கீழ ரெண்டு மூணு வரி காலியா விடச் சொல்லுங்க, இல்லாட்டி பேப்பர கிழிக்கிறப்போ கீழ் ஓரத்துல இருக்குற சதுரத்தோட சேத்து கிழிஞ்சு வந்துரும். அந்த மூணு மூலைச் சதுரத்துல ஒண்ணு போனா கோடு போச்சு. நடுவுல கொஞ்சம் அழுக்கு பட்டா சமாளிச்சுக்கும், ஏன்னா கோடுக்குள்ளயே அழிஞ்சத திரும்ப கணக்குப் போட்டு எடுக்குற ஏற்பாடு இருக்கு. அதுல L, M, Q, H ன்னு நாலு லெவல். தோராயமா 7, 15, 25, 30 சதவீதம் வரைக்கும் அழிஞ்சாலும் தாங்கும். கூட தாங்கணும்னா கட்டமும் கூடும், அதனால பில்லுக்கு M போதும். கையெழுத்து பில் புக் வச்சிருக்குற கடைங்க புக் அடிக்கிறப்பவே கோடையும் அடிச்சிரலாம், அது ஆஃப்செட் மை, அழியாது. ரப்பர் ஸ்டாம்ப்ல கோடு பண்ணித் தாங்கன்னு சிலர் கேக்குறாங்க, வேண்டாம், மை பரவி கட்டமெல்லாம் ஒட்டிக்கும்.

இதுல கவுன்ட்டர்ல ஒரு குழப்பம் வரும், அத முன்னாடியே யோசிக்கணும். அங்க ஏற்கனவே யூபிஐ கோடு ஸ்டாண்டு இருக்கு. நம்ம ஃபாலோ கோடையும் பக்கத்துல வச்சா, ஜனங்க பேமென்ட் ஆப்ப திறந்து இத ஸ்கேன் பண்ணிட்டு "வேலை செய்யலயே"ங்குறாங்க, இல்லன்னா வயசானவங்க "இதத் தொட்டா காசு போயிருமோ"ன்னு பயப்படுறாங்க. அந்தப் பயம் நியாயமானதுதான், கண்ட கோடையும் ஸ்கேன் பண்ணாதீங்கன்னு நாமளேதான் வீட்டுல சொல்லிக்கிட்டு இருக்கோம். அதனால ரெண்டுத்துக்கும் நடுவுல ஒரு கை தூரமாவது விடுங்க, ஃபாலோ கோடுக்கு மேல 'இது பணம் அனுப்ப இல்ல, போன் கேமராவுல காட்டுங்க'ன்னு பளிச்சுன்னு எழுதுங்க, கீழ கடையோட இன்ஸ்டா பேரையும் எழுத்துல போடுங்க. ஸ்கேன் பண்ண இஷ்டமில்லாதவங்க பேர டைப் பண்ணி தேடிக்குவாங்க, ஸ்கேன் பண்றவங்களுக்கும் எங்க போகப்போகுதுன்னு முன்கூட்டியே தெரியும்.

அடுத்து விசிட்டிங் கார்டு. கார்டோட குணம் வேற, அது அப்பவே ஸ்கேன் ஆகாது, பர்ஸுல போய் உக்காந்து ஒரு நாள் வெளிய வரும், இல்லன்னா இன்னொருத்தர் கைக்கு மாறும். நம்ம ஊர்ல கார்டு கொடுக்குறதே "உங்க தெரிஞ்சவங்களுக்கும் சொல்லுங்க"ன்னுதானே. அதனால கார்டுல கோடு ரொம்ப நாள் உயிரோட இருக்கணும். சைஸ் ரெண்டுலேருந்து ரெண்டரை சென்டிமீட்டர் வைங்க, பின்பக்கம் காலியா வச்சு அதுல போட்டா இன்னும் நல்லது. ஆச்சி மெரூன் கலர் கார்டுல தங்கக் கலர் கோடு கேட்டாங்க, வீட்டு வாசல் நிலைக்கதவு மாதிரி அழகா இருக்கும்னு. அழகுதான், மறுக்கல. ஆனா கேமராவுக்கு வெளிர் தரையில கருத்த கட்டம் வேணும், தலைகீழா அடர்த்தி கலர்ல வெளிர் கட்டம் வச்சா சில போன் படிக்கும், சிலது படிக்காது, தங்க ஃபாயில்னா வெளிச்சம் பட்டு மினுங்கி இன்னும் மோசம். கடைசியில முன்பக்கம் மெரூனும் தங்கமும், பின்பக்கம் வெள்ளையில கறுப்புக் கோடுன்னு முடிச்சோம். கறுப்புன்னா ஒரே கறுப்பு மையில அடிக்கச் சொல்லுங்க, நாலு கலரையும் கலந்து கறுப்பு பண்ணினா ஒரு கலர் மேல இன்னொரு கலர் விழுற இடம் கொஞ்சம் நகந்தாலும் கட்டம் ஓரத்துல கலர் பிதுங்கும். கோட பிரஸ்ஸுக்கு அனுப்புறப்போ SVG இல்லன்னா PDF ஃபைலா அனுப்புங்க. வாட்ஸப்புல போட்டோவா அனுப்புனா அது அமுக்கி அனுப்பும், ஓரமெல்லாம் மங்கலாகும். போட்டோதான் கையில இருக்குன்னா அத டாக்குமென்ட்டா அனுப்புங்க.

கார்டுல எனக்கு ஒரு கசப்பான அனுபவம் இருக்கு, அத சொல்லியே ஆகணும். ரெண்டு வகைக் கோடு இருக்கு. ஒண்ணு ஸ்டேட்டிக், லிங்க் நேரா கோடுக்குள்ளயே எழுதியிருக்கும், அதுக்கு காலாவதி கிடையாது, அந்த லிங்க் இருக்குற வரைக்கும் அது வேலை செய்யும். இன்னொண்ணு டைனமிக், கோடுக்குள்ள கோடு பண்ணிக் கொடுத்த வெப்சைட்டோட லிங்க்தான் இருக்கும், ஸ்கேன் பண்ணா முதல்ல அவங்ககிட்ட போய் அங்கேருந்து நம்ம பக்கத்துக்கு வரும். பின்னாடி போற இடத்த மாத்திக்கலாம், எத்தனை பேர் ஸ்கேன் பண்ணாங்கன்னு எண்ணிக்கையும் காட்டும், நல்ல வசதிதான். ஆனா நடுவுல இருக்குறவங்க கதவ மூடினா நம்ம கோடு செத்துரும். ஒரு ஜவுளிக் கடைக்கு ஆயிரம் கார்டு அடிச்சேன், இணையத்துல இலவசம்னு இருந்த ஒரு இடத்துல கோடு பண்ணினேன், அது இலவசம் இல்ல, கொஞ்ச நாளைக்கு ட்ரயல்ங்குறது கீழ சின்ன எழுத்துல இருந்துச்சு, நான் பாக்கல. கார்டு கொடுத்து ஒரு மாசத்துக்குள்ள அந்த அண்ணன் போன் பண்ணி "தம்பி, கஸ்டமர் ஸ்கேன் பண்ணா பணம் கட்டுங்கன்னு ஏதோ இங்கிலீஷ்ல வருதுப்பா"ன்னு சொன்னாரு. மிச்சம் இருந்த கார்டெல்லாம் என் செலவுல திரும்ப அடிச்சுக் கொடுத்தேன். அதுக்கப்புறம் ஒரு வழக்கம் வச்சிருக்கேன், எந்த கோடு வந்தாலும் ஸ்கேன் பண்ணி, திறக்குறதுக்கு முன்னாடி போன் திரையில காட்டுற லிங்க்ல `instagram.com` தான் இருக்கா, வேற ஏதாவது பேர் இருக்கான்னு பாப்பேன். வேற பேர் இருந்தா அது டைனமிக்.

அப்ப ஸ்டேட்டிக்ல பிரச்சனையே இல்லையான்னா, ஒண்ணு இருக்கு. இன்ஸ்டாவுல கடை யூசர்நேம மாத்தினா பழைய லிங்க் வேலை செய்யாது, அச்சடிச்ச அத்தனை கோடும் வீண். அதனால கோடு அடிக்கிறதுக்கு முன்னாடியே பேர முடிவு பண்ணி அப்படியே விட்ருங்க, பொருத்தமா இல்லன்னு நடுவுல மாத்தாதீங்க. கொஞ்சம் செலவு பண்ண முடியும்னா சொந்தமா ஒரு `.in` பேர் வாங்கி, அதுலேருந்து இன்ஸ்டாவுக்கு திருப்பி விடுறது ரொம்பப் பாதுகாப்பு. அப்ப கோடுக்குள்ள இருக்குறது நம்ம சொந்த லிங்க், போற இடத்த எப்ப வேணும்னாலும் நாமளே மாத்திக்கலாம், யாருக்கும் மாசா மாசம் கட்ட வேண்டாம், வருஷத்துக்கு ஒரு தடவை அந்த பேர புதுப்பிச்சா போதும், அத மறக்கக் கூடாது. கூடவே பில்லுக்கு `/b`, கார்டுக்கு `/c`, சுவத்துக்கு `/s`ன்னு தனித்தனியா வச்சா எங்கேருந்து எத்தனை பேர் வர்றாங்கன்னும் பிரிச்சுப் பாக்கலாம். ஆச்சி கடைக்கு இப்போதைக்கு நேரடி லிங்க்தான், அவங்களுக்கு அது போதும்.

போர்டுக்கு அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல, ஒரே கணக்குதான். எவ்வளவு தூரத்துலேருந்து ஸ்கேன் பண்ணணுமோ அதுல பத்துல ஒரு பங்கு அகலமாவது கோடு இருக்கணும். கடை நெத்தியில இருக்குற போர்ட எதுத்தாப்புல நின்னு பாக்குறவருக்கு இருபது அடி தூரம்னா கோடு ரெண்டு அடிக்கு ரெண்டு அடி வேணும், கடை பேருக்கே இடம் இருக்காது. அதுக்கு மேல, வண்டியில போறவரு ஸ்கேன் பண்ணவும் போறதில்ல. அதனால பெரிய போர்ட விட்ருங்க, வாசப்படி பக்கம், நிக்கிற ஆள் நெஞ்சு உயரத்துல ஒரு A4 சைஸ் பலகை, அதுல 12லேருந்து 15 சென்டிமீட்டர்ல கோடு, நாலு அடி தள்ளி நின்னாலும் எடுக்கும். ஆச்சி கடையில திண்ணைத் தூண்ல மாட்டினோம், அங்கதான் பலகாரம் வாங்குனவங்களோட கூட வந்தவங்க உக்காந்திருப்பாங்க. பளபளப்பு லேமினேஷன் வேண்டாம், மேட் போடுங்க, சாயங்கால வெயில் சாஞ்சு அடிக்கிறப்போ பளபளப்புல கோடு பாதி வெள்ளையா தெரியும். வாரத்துக்கு ஒரு தடவை அந்த பலகைய கையால தடவிப் பாக்கச் சொல்லியிருக்கேன், மேல வேற எவனாவது ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போயிருக்கானான்னு. யூபிஐ கோடுக்கு மேல ஒட்டுற மாதிரி இதுக்கும் ஒட்டலாம்ல.

இப்ப அந்த வார்த்தை. வெறும் கோட பாத்து யாரும் ஸ்கேன் பண்ண மாட்டாங்க, 'எங்களை ஃபாலோ செய்யவும்'னு போட்டாலும் பண்ண மாட்டாங்க, ஏன் பண்ணணும்னு அதுல இல்லையே. அவங்களுக்கு என்ன கிடைக்கும்னு ஒரே வரியில சொல்லணும், அது உண்மையாவும் இருக்கணும். ஆச்சி கடையில மனகோலம் தினமும் கிடைக்காது, ஆள் இருக்குற நாள்லதான் போடுவாங்க. கஸ்டமருக்கு இருக்குற ஒரே கவலை 'போனா இருக்குமா'ங்குறதுதான். அதனால கோடுக்கு மேல இப்படி எழுதினோம்: 'இன்னைக்கு என்ன பலகாரம் போட்டிருக்கோம், கூரியர் எப்ப அனுப்புறோம், இதுல பாருங்க'. பில்ல கொடுக்குறப்போ ஆச்சி சொல்றதும் அதேதான், "இதுல பாத்துட்டு வாங்கத்தா, வெறுங்கையா திரும்ப வேண்டாம்". அப்படி சொல்ல ஆரம்பிச்ச பிறகுதான் ஃபாலோ வர ஆரம்பிச்சுது. அதே கோடு, அதே இடம், அந்த ஒரு வரிதான் புதுசு.

ஸ்கேன் பண்ணவங்க வந்து நிக்கிற பக்கத்தையும் ஒரு தடவை பாத்துக்கங்க. ஸ்கேன் வேற, ஃபாலோ வேற. கோடு அவங்கள ப்ரொஃபைல் வாசல் வரைக்கும்தான் கொண்டு வரும், ஃபாலோ பட்டன அவங்கதான் அழுத்தணும், அத முடிவு பண்ண அவங்க ரெண்டு மூணு செகண்டுதான் எடுத்துக்குவாங்க. அப்ப மேல முதல் மூணு படத்துல பொங்கல் வாழ்த்து, குட்மார்னிங், ஃபார்வேர்ட் வீடியோன்னு இருந்தா போயிருவாங்க. இப்ப சாப்ட்ட அந்த பலகாரம் அங்க இருக்கணும். அக்கவுன்ட் பிரைவேட்ல இருக்கான்னும் பாருங்க, ஆச்சி பேரன் முதல்ல அப்படித்தான் வச்சிருந்தான், ரெக்வெஸ்ட் கொடுத்தவங்க எல்லாம் ரெண்டு நாளா காத்துக்கிட்டு கிடந்தாங்க. போன்ல இன்ஸ்டா ஆப் இல்லாதவங்களுக்கு பிரவுசர்ல திறந்து லாகின் பண்ணச் சொல்லி நிக்கும், அவங்கள விட்டுத்தான் ஆகணும்.

இல்லன்னா அவங்களுக்கு வாட்ஸப் கொடுக்கலாம், அம்பது வயசுக்கு மேல இருக்குறவங்க முக்கால்வாசி அதுலதான் இருக்காங்க. லிங்க் இப்படி, நாட்டு கோடு 91 சேத்து நம்பர் மட்டும், நடுவுல இடைவெளி, பிளஸ் குறி எதுவும் இல்லாம:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=BILL
```

ஸ்கேன் பண்ணா சாட் திறந்து BILL ன்னு ரெடியா டைப் ஆகி இருக்கும், அவங்க அனுப்பினா போதும், கார்டுக்கு CARD ன்னு மாத்தினா எங்கேருந்து வந்தாங்கன்னு மெசேஜ பாத்தே தெரிஞ்சுக்கலாம். அங்க தமிழ்ல எழுதணும்னு ஆசை வரும், ஆனா லிங்குக்குள்ள ஒரு தமிழ் எழுத்து `%E0%AE%AA` மாதிரி ஒன்பது எழுத்தா மாறும், புள்ளியும் கொம்பும் தனித்தனி எழுத்தா கணக்காகும், 'வணக்கம் ஆச்சி'ன்னு போட்டாலே கோடு எக்கச்சக்க கட்டமாயிரும். இன்னொரு விஷயம், பிராட்காஸ்ட் லிஸ்ட்ல போடுற மெசேஜ், நம்ம நம்பர அவங்க சேவ் பண்ணியிருந்தாத்தான் போய்ச் சேரும். அதனால மெசேஜ் வந்ததும் முதல் பதில்லயே "நம்பர சேவ் பண்ணிக்கங்க, அப்பத்தான் பலகாரம் போடுற நாள் தகவல் வரும்"னு சொல்லிருங்க. ஒரே பில்லுல இன்ஸ்டாவும் வாட்ஸப்பும் ரெண்டு கோடா போடாதீங்க, பக்கத்து பக்கத்துல இருந்தா கேமரா எத எடுக்குறதுன்னு தடுமாறும், கஸ்டமரும் தடுமாறுவாரு. ஆச்சி கடையில பில்லுலயும் தூண்லயும் இன்ஸ்டா, கார்டுல வாட்ஸப், ஏன்னா கார்டு கேட்டு வாங்குறவங்கதான் கல்யாணத்துக்கு மொத்தமா ஆர்டர் கொடுக்குறவங்க, அவங்களுக்குப் பேசணும்.

அச்சுக்குக் கொடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை மட்டும் தவறாம செய்யுங்க. கம்ப்யூட்டர் திரையில ஸ்கேன் பண்ணிப் பாத்து திருப்திப்படாதீங்க, திரையில எல்லாமே எடுக்கும். நிஜ சைஸ்ல, நிஜ பேப்பர்ல ஒண்ணு எடுத்து, வீட்டுல இருக்குறதுலயே பழைய போன், கேமராவுல கீறல் விழுந்த போன் எதுவோ அத வச்சு, கடையில ராத்திரி எரியுற அந்த டியூப்லைட் வெளிச்சத்துல பாருங்க. நாங்க ஆச்சியோட சொந்த போன்லதான் பாத்தோம், அஞ்சாறு வருஷப் பழசு, லென்ஸ் மேல மாவு. முதல் பில்லுல எடுக்கல, பிரிண்டர்ல அச்சு அடர்த்திய ஒரு படி கூட்டினோம், ரெண்டாவது பில்லுல டக்குன்னு திறந்துச்சு. ஆச்சி கண்ணாடிய ஏத்தி விட்டு தன் கடை தேன்குழல தானே பாத்துட்டு, கீழ இருந்த ஃபாலோவ அழுத்தலாமான்னு பேரன்கிட்ட கேட்டாங்க.